டெங்கு கார்டில் மங்கலான கோடு: லேப் டெக்னீஷியனிடம் சில கேள்விகள்

பையனுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 கார்டில் நிழல் மாதிரி ஒரு கோடு. ‘வீக் பாசிட்டிவ்’ என்றார்கள். லேசான டெங்கு என்று அர்த்தமா அக்கா?

இல்லைம்மா. கோட்டின் அழுத்தம் நோயின் கடுமையைச் சொல்லாது. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு, பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1-ஐப் பிடித்துக்கொள்வதால் கோடு மங்கலாகவே வரலாம். அவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள், டி என்று குறித்த சோதனை இடத்தில், நிறத்தோடு கோடு தெரிந்தால் பாசிட்டிவ்தான். ஆனால் எத்தனையாவது நிமிடம் பார்த்தார்கள்? அது தெரியாமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். காய்ச்சல் இறங்கும் நாட்களில் வயிற்று வலியோ விடாத வாந்தியோ வந்தால், கார்டு என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் நர்ஸ். கார்டு வேலை செய்ததைக் காட்டும் சி கோடு வந்துவிட்டால் டெஸ்ட் சரி. சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பேன், கோடு நன்றாகத் தெரியும்.

பாதி சரி, சிஸ்டர். சி கோடு, திரவம் கடைசி வரை ஓடியதற்கும் சாயம் வேலை செய்ததற்கும்தான் சாட்சி. ஒருமுறை ரத்தமே விடாமல், கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை மட்டும் விட்டுப் பார்த்தேன். சி கோடு பளிச்சென்று வந்தது! ஆகவே ரத்தம் போதாமல் விழுந்திருந்தாலும் கார்டு அழகாக ‘நெகட்டிவ்’ காட்டும். ஒரு மணி நேரக் காத்திருப்பு அதைவிட ஆபத்து. பட்டை காயும்போது திரவம் பின்னோக்கி இழுபட்டு, இல்லாத இடத்தில் சாம்பல் கோடு விழும். பல கிட்களில் 15 முதல் 20 நிமிடம்தான் கணக்கு. உங்கள் கிட்டின் தாளில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

எங்கள் முகாமில் டி கோடு மட்டும் வந்தது, சி வரவில்லை. வைரஸ் அவ்வளவு அதிகமா?

அந்தக் கார்டு செல்லாது, அவ்வளவுதான். டி-யை வைத்துப் பாசிட்டிவ் என்று எழுதாதீர்கள். புதுக் கார்டில் திரும்பச் செய்யுங்கள். மழைக்காலத்தில் வேலை சுலபமாகட்டும் என்று எங்கள் பையன் ஒருவன் காலையிலேயே பத்து உறையைக் கிழித்து மேசையில் அடுக்கிவிட்டான். மதியம் எடுத்த மூன்றில் சி வரவே இல்லை. ஈரம் குடித்துவிட்டது. பஃபர் சொட்டு குறைந்தாலும் இப்படி ஆகும். இரண்டாவது கார்டும் இதே மாதிரி என்றால் அந்த லாட்டையே ஓரமாக வையுங்கள்.

எனக்கு டெங்கு இல்லை, மலேரியா. ஒடிசாவில் வேலை பார்த்தபோது வந்தது. மாத்திரை முடிந்து 10 நாள், காய்ச்சலும் இல்லை. கார்டில் இன்னும் ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கான பிஎஃப் கோடு வருகிறதே, மருந்து பிடிக்கவில்லையா?

அந்தக் கோடு பெரும்பாலும் ஹெச்ஆர்பி2 என்ற புரதத்தைப் பிடிப்பது. கிருமி செத்த பிறகும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். குணமானதா என்று அந்தக் கார்டில் தெரியாது. ரத்தத் தடவல் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உயிருள்ள கிருமி தெரிந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.