சராசரி ஆயுளும் ஆயுள் பென்ஷனின் விலையும்

வணக்கம். என் பெரியப்பாவுக்கு வயது 70. ஒரே தவணையாகப் பணம் கட்டி, உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் பென்ஷன் வாங்கும் திட்டம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். இந்த வயதுக்காரர் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று எடுத்துக்கொண்டு, அத்தனை ஆண்டுத் தவணைகளின் இன்றைய மதிப்பை வட்டி கழித்துக் கணக்கிட்டேன். நீங்களோ ஒவ்வோர் ஆண்டுக்கும் உயிரோடிருக்கும் வாய்ப்பைத் தனித்தனியாகப் பெருக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இரண்டு வழியிலும் ஒரே விடைதானே வர வேண்டும்?

– எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வராது. உங்கள் வழியில் மதிப்பு கூடுதலாகத்தான் வரும். இரண்டே பேரை வைத்துப் பார்த்தால் காரணம் பிடிபடும். இருவருக்கும் ஆண்டு முடிவில் ஒரு ரூபாய் பென்ஷன், வட்டி 6 சதவீதம். ஒருவர் 2 தவணை வாங்கிவிட்டு இறந்துபோகிறார், மற்றவர் 14 தவணை வாங்குகிறார். சராசரி 8 தவணை, அதன் இன்றைய மதிப்பு 6.21 ரூபாய். ஆனால் உண்மையில் கொடுத்தது என்ன? 2 தவணைக்கு மதிப்பு 1.83, 14 தவணைக்கு 9.29. இரண்டின் சராசரி 5.56தான்.

முதலாமவர் வாங்காமல் போனவை 3 முதல் 8 வரையிலான ஆண்டுகளின் ரூபாய்கள். இரண்டாமவர் கூடுதலாக வாங்கியவை 9 முதல் 14 வரையிலானவை. எண்ணிக்கையில் ஆறுக்கு ஆறு சரியாகிவிடும். ஆனால் பின்னால் வரும் ரூபாயை வட்டி அதிகமாகத் தேய்த்திருக்கும், அதனால் மதிப்பில் சரியாகாது. வட்டியைப் பூஜ்யம் ஆக்கிப் பாருங்கள், இரண்டு வழியும் ஒரே விடைக்கு வந்துவிடும். தாளில் போட்ட கணக்கைச் சரிபார்க்கவும் இது நல்ல சோதனை.

ஆகவே ஒவ்வோர் ஆண்டையும் தனியாகத்தான் விலை போட வேண்டும்:

```
a(x) = Σ v^t · l(x+t) / l(x)     t = 1, 2, 3, …
v = 1 / (1 + i)
```

a(x) என்பது x வயதுக்காரருக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் பென்ஷனின் இன்றைய மதிப்பு, l(x) என்பது x வயதில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை, t எத்தனையாவது தவணை என்பது, i வட்டி வீதம். Σ என்றால் எல்லாத் தவணைகளையும் கூட்ட வேண்டும்.

இதை எட்மண்ட் ஹாலி 1693இலேயே செய்து காட்டிவிட்டார், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி. பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப்) காஸ்பர் நாய்மன் என்ற பாதிரியார் திரட்டிய பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்து அவர் ஓர் அட்டவணை செய்தார். அதில் 70 வயதில் 142 பேர் இருக்கிறார்கள். 71இல் 131, 75இல் 88, 80இல் 41, 84இல் 20. முதல் தவணைக்கு 131/142ஐ 1.06ஆல் வகுத்தால் 0.87. ஐந்தாம் தவணைக்கு 88/142ஐ 1.06இன் ஐந்தாம் அடுக்கால் வகுத்தால் 0.46. பத்தாம் தவணை வெறும் 0.16. இப்படியே கடைசி வயதுவரை கூட்டிக்கொண்டு போனால் ஹாலி அச்சிட்ட விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள்: 70 வயதுக்கு 5.32. அதாவது ஆண்டுக்கு ஒரு பவுண்டு வாங்க இன்று 5.32 பவுண்டு கட்டுவது நியாயம்.

உங்கள் வழியை அதே அட்டவணையில் போட்டேன். சராசரியாக 7.4 தவணை வருகிறது, அதன் மதிப்பு 5.84. ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

வயதையே பார்க்காமல் விற்றால் நிலைமை இன்னும் மோசம். அப்போது ஆங்கில அரசு ஆயுள் பென்ஷனை எல்லா வயதுக்கும் ஒரே விலையில், ஆண்டுத் தொகையின் 7 மடங்குக்கு, விற்றுக்கொண்டிருந்தது. ஹாலியின் கணக்கில் 10 வயதுப் பிள்ளையின் பெயரில் வாங்கினால் அது 13.44 பெறும், 70 வயதுக்காரருக்கு 5.32தான். பிள்ளைகள் பெயரில் வாங்கியவர்களுக்கு அரசு கிட்டத்தட்டப் பாதி விலைக்குக் கொடுத்தது.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். மக்கள்தொகை முழுவதற்குமான இறப்பு அட்டவணையை எடுக்காதீர்கள். உடம்பு முடியாதவர் ஆயுள் பென்ஷன் வாங்குவது குறைவு. வாங்குபவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட நீண்டநாள் இருக்கிறார்கள். அதனால் பென்ஷன் வாங்குவோருக்கென்றே 2012-15 தரவுகளை வைத்து இந்திய ஆக்சுவரிகள் சங்கம் வெளியிட்ட தனி அட்டவணையைப் பயன்படுத்துங்கள். வட்டிக்கு, நீண்டகால அரசுப் பத்திரம் இன்று தரும் வீதத்தைப் போடுங்கள். அதைவிட ஒரு சதவீதம் கூட்டியும் குறைத்தும் மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். அப்புறம், பென்ஷன் மாதாமாதம் வருவதாக இருந்தால், ஆண்டு முடிவுக்கான விடையோடு 11/24, அதாவது சுமார் 0.46 சேர்க்க வேண்டும். இந்த விடை ஆண்டுக்கு ஒரு ரூபாய்க்கானது, அதை ஆண்டுப் பென்ஷன் தொகையால் பெருக்குங்கள். கேட்கும் விலை அதைவிட எவ்வளவு அதிகமோ, அதுதான் பெரியப்பா நிறுவனத்தின் செலவுக்கும் லாபத்துக்கும் கொடுப்பது.