எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுத்தார்களா?

"அம்மாவுக்கு 58 வயசு. ஆறு மாசமா வலது முட்டு வலி. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகணுமா?"

அவசரப்பட வேண்டாம். அந்த எக்ஸ்ரேயைப் படுக்க வைத்து எடுத்தார்களா, நிற்க வைத்தா என்று முதலில் கேளுங்கள். நாகர்கோவிலில் பல வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவன் நான். இந்த ஒரு விஷயத்தில்தான் பலரும் ஏமாந்து வருகிறார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரிகிற இடைவெளியை வைத்துத்தான் தேய்மானத்தை ஊகிக்கிறோம். நின்றால் உடல் எடை அழுத்தி, தேய்ந்த பக்கம் இடைவெளி ஒடுங்கும். படுத்திருந்தால் தேய்ந்த முட்டும் சில நேரம் நல்ல முட்டு போலவே தெரியும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற என் அத்தைக்கு 61 வயது. படுத்து எடுத்த எக்ஸ்ரே நார்மல் என்றதும், யாரோ சொன்னதைக் கேட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார். 'மெனிஸ்கஸ் கிழிவு' என்று ரிப்போர்ட் வந்தது. "மக்களே, ஆபரேஷன் பண்ணணுமா?" என்று ஒரே அழுகை. நான் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். உள்பக்க இடைவெளி வெளிப்பக்கத்தில் பாதிகூட இல்லை, ஓரத்தில் சின்ன எலும்பு முளை. சாதாரணத் தேய்மானம்தான். எலும்பு டாக்டரும் அதையே சொல்லி, தொடைத் தசைக்குப் பயிற்சியும் எடை குறைப்பும் எழுதிக் கொடுத்தார். கத்தி தேவைப்படவில்லை.

மெனிஸ்கஸ் என்பது முட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ மெத்தை. வயதானால் அதுவும் நைந்து கிழியும். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய பொதுமக்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கிழிவு இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டு வலியே இல்லை. ஆக, படத்தில் கிழிவு தெரிந்தாலும் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே வேண்டிய கேஸும் உண்டு. தூத்தூர் பக்கம் ஒரு பையன் பந்து விளையாடும்போது முட்டு திருகி 'டப்' என்று சத்தம். ரெண்டு மணி நேரத்தில் வீக்கம், அப்புறம் நடக்கும்போதெல்லாம் முட்டு நழுவுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. உள்ளே தசைநார் அறுந்திருந்ததை எம்.ஆர்.ஐ.தான் காட்டியது. அதேபோல, முட்டு பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாவிட்டாலும் எடுக்கலாம்.

முட்டு சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டுக்குள் இருக்கும் நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இதெல்லாம் இல்லையென்றால், 'இரண்டு முட்டும், நின்றபடி' என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அதற்குப் பிறகும் அவர் எம்.ஆர்.ஐ. சொன்னால், ரிப்போர்ட் எப்படி வந்தால் வைத்தியம் எப்படி மாறும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.