லிஸ்ட்ல 38 வேலை, 30 டிக் அடிச்சாச்சு, ஆனா ஒரு பாட்டில்கூட விக்க முடியல

கேள்வி: அண்ணே, மார்த்தாண்டத்துல வீட்டோட சேர்ந்து தேன் பாக்கிங் யூனிட் தொடங்குறோம். 38 வேலை லிஸ்ட் போட்டு 30 முடிச்சாச்சு, ஆனாலும் சரக்கு கடைக்கு போகல. ப்ராடக்ட் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர் போடுன்னு ஒருத்தர் சொன்னாரு. அது எதுக்கு?

தம்பி, உங்க லிஸ்ட்ல "லைசென்ஸுக்கு அப்ளை பண்ணணும்"னு ஒரு வரி இருக்கும், டிக்கும் விழுந்திருக்கும். ஆனா லைசென்ஸ் கையில இருக்கா? இல்லேன்னா அது வேலைதான் முடிஞ்சிருக்கு, பொருள் வரல. பிரின்ஸ் 2 மாதிரி திட்ட மேலாண்மை முறைகள்ல வேலையை எழுதுறதுக்கு முன்னாடி பொருளை எழுதச் சொல்றது இதுக்குத்தான்.

ஒரு பேப்பர்ல மேல "விக்கிறதுக்கு ரெடியான 500 கிராம் தேன் பாட்டில்"னு எழுதுங்க. கீழ அதுக்கு என்னென்ன வேணும்: பதப்படுத்துன தேன், பாட்டிலும் மூடியும், லேபிள், லேப் ரிப்போர்ட், உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ லைசென்ஸ். இந்தப் பொருள் படம்தான் ப்ராடக்ட் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர். எல்லாம் பெயர்ச்சொல்லா இருக்கணும், "வாங்கணும்", "அடிக்கணும்"னு வந்தா அது வேலை, பிறகு பாத்துக்கலாம். லைசென்ஸும் லேப் ரிப்போர்ட்டும் நீங்க செய்யிறதில்ல, வெளியில இருந்து வரணும், அதனால அதுகளுக்கு வேற நிறத்துல வட்டம் போடுங்க, லேட்டாவுறது பெரும்பாலும் அங்கதான்.

இனி ஒவ்வொண்ணுக்கும் அரைப்பக்கம் ப்ராடக்ட் டிஸ்கிரிப்ஷன். எதுக்கு, என்னென்ன அடங்கியிருக்கணும், எதை வச்சு செய்யிறோம், எப்படி இருந்தா சரி, யார் எப்படி பாத்து ஓகே சொல்லுவா, அவ்வளவுதான். தேனுக்கு எழுதுனா: ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, ஈரம் அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல பாக்கணும், சூடாக்குன ஆளே பாக்கக்கூடாது. நம்ம பெட்டித் தேன்ல, அதுலயும் ரப்பர் துளிர் விடுற சீசன் தேன்ல, ஈரம் கூடுதலா இருக்கும், விட்டா புளிச்சு நுரை வந்து மூடியைத் தூக்கும். "தேனை சூடாக்கணும்"ங்கிற ஒரு வரியில இது எங்க தெரியுது?

லேபிளுக்கு எழுதும்போதுதான் உங்க சிக்கல் வெளிய வரும். அதுல நிகர எடை, பேட்ச் நம்பர், பாக்கிங் தேதி, எம்.ஆர்.பி, விலாசம், 14 இலக்க லைசென்ஸ் நம்பர் எல்லாம் வரணும். அப்போ லைசென்ஸ் வராம லேபிள் அச்சுக்கு போகவே கூடாது. இந்த "எது வந்தா எது"ங்கிறதை அம்புக்குறி போட்டு இணைச்சீங்கன்னா வேலைகளோட வரிசை தானா வந்துரும். நான் பாத்த ஒரு யூனிட்ல டிசைன் முடிஞ்சதுன்னு நம்பர் இல்லாமலே 5,000 லேபிள் அடிச்சுட்டு, பிறகு அத்தனையையும் எரிச்சாங்க.

எவ்வளவு ஆழம் போகணும்னா, ஒரே ஆள் பாத்து சரி, சரியில்லன்னு சொல்லுற அளவுக்கு வந்ததும் நிறுத்துங்க. மூடி, மூடிக்குள்ள லைனர், லைனர் ஒட்டுற பசைன்னு இறங்கினா பேப்பர்தான் கூடும். அப்புறம் தேனீப் பெட்டி பாக்குறது மாதிரி தினசரி வேலைக்கு இது வேண்டாம், அதுக்கு பழைய லிஸ்ட்டே போதும்.

மிச்சம் இருக்கிற 8 வேலையை இப்போ தொடாதீங்க. முடிஞ்ச 30க்கும் நேரா என்ன பொருள் கைக்கு வந்திருக்குன்னு எழுதிப் பாருங்க, காலியா கிடக்கிற இடத்துல இருந்து தொடங்குங்க.