தாடைல வந்திருக்கறது கேன்சர் இல்ல, அமெலோபிளாஸ்டோமான்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு சுத்தி இருக்கற நல்ல எலும்பையும் சேத்து வெட்டணும்? சுரண்டி எடுத்தா போதாதா?

போதாதுங்க. அமெலோபிளாஸ்டோமாங்கறது பல்லு உண்டாக்கற திசுல இருந்து வர்ற ஒரு கட்டி. எக்ஸ்ரேல நீங்க பாக்கற கருப்பு வட்டத்தோட ஓரம் இருக்கே, அது கட்டியோட ஓரம் இல்ல, எலும்பு எங்க கரைஞ்சு போச்சோ அந்த இடத்தோட ஓரம், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு வேலை பாத்தாதான் திரும்ப வருது.

நான் பொள்ளாச்சில இருந்து பாலக்காடு போற வழில, கோபாலபுரம் பக்கம் கிளினிக் வச்சிருக்கேன், படிச்சது வாய் தாடை சர்ஜரி. இந்தப் பக்கம் பாதி, கொழிஞ்சாம்பாறை பக்கம் பாதின்னு ஆளுங்க வருவாங்க, ரிப்போர்ட்டும் அப்படித்தான், ஒண்ணு கோயம்புத்தூர்ல எடுத்தது, இன்னொண்ணு பாலக்காட்டுல எடுத்தது. சில வருஷத்துக்கு முந்தி தோப்பு வச்சிருக்கற ஒருத்தர் வந்தாரு, 34 வயசு, இடது பக்கக் கீழ்த்தாடை உப்பி இருந்துச்சு, வலியே இல்லைங்கறாரு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி ஒரு கிளினிக்ல "ஞானப்பல்லச் சுத்தி நீர்க்கட்டி"ன்னு பல்லோட சேத்து சுரண்டி எடுத்திருக்காங்க. எடுத்தத பயாப்சிக்கு அனுப்பல. தேங்கா எடை போட்ட சீட்டோட ஒரு மஞ்சப்பைல தாடை முழுசும் ஒரே படத்துல தெரியற அந்தப் பழைய ஓ.பி.ஜி. எக்ஸ்ரே படத்தையும் பத்திரமா கொண்டு வந்திருந்தாரு.

அந்தப் பழைய படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். முளைக்காத ஞானப்பல்லோட தலையச் சுத்தி ஒரே ஒரு கருப்பு அறை, ஓரம் சுத்தமா வெள்ளைக் கோடு போட்ட மாதிரி. நானா இருந்தாலும் நீர்க்கட்டின்னுதான் மொதல்ல எழுதியிருப்பேன், அதுல தப்பு இல்ல, ஏன்னா ஒரே அறையா வர்ற அமெலோபிளாஸ்டோமாவும் படத்துல அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். முன்னாடி இருந்த கடவாப்பல்லோட வேர்நுனி மட்டும் கத்தியில சீவினாப்ல நேரா அறுந்திருந்துச்சு. நீர்க்கட்டியும் வேர அரிக்கும்தான், ஆனா இப்படி சீவி விட்டாப்ல இருந்தா எனக்கு மனசுல மணி அடிக்கும். தப்பு என்னன்னா எடுத்தத குப்பைல போட்டது.

நான் எடுத்த புதுப் படத்துல ஒத்த அறை இல்ல. சோப்பு நுரை மாதிரி பெருசும் சிறுசுமா அறைகள், நடுநடுவுல வளைஞ்ச எலும்புத் தடுப்பு, தாடையோட கீழ் விளிம்பு பென்சில் கோடு அளவுக்கு மெலிஞ்சு கெடக்கு. வாய்க்குள்ள விரல விட்டு கன்னத்துப் பக்கம் மெதுவா அமுக்குனா முட்டை ஓடு நொறுங்கற மாதிரி ஒரு சத்தம் விரலுக்கே தெரிஞ்சுது. இந்தக் கட்டி கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் எலும்ப உப்ப வைக்கும். கெரட்டோசிஸ்ட்னு இன்னொண்ணு இருக்கு, அது அவ்வளவா உப்பாம தாடைக்குள்ளயே நீளவாக்குல ஓடும், அதனால நுரை மாதிரி தெரிஞ்சாலும் வீக்கம் எந்தத் திசைல இருக்குன்னு பாத்தா கொஞ்சம் பிரிச்சிடலாம். கடைசி வார்த்தை எப்பவும் பயாப்சிதான். அவருக்கு வந்த ரிப்போர்ட், சாதாரண வகை அமெலோபிளாஸ்டோமா.

ரிப்போர்ட்டப் படிச்சதும் அவர் சம்சாரம் கேட்டது நீங்க கேட்ட அதே கேள்விதான். "கேன்சர் இல்லைன்னுதான எழுதியிருக்குங்க டாக்டரு, பின்ன எதுக்குங்க தாடையவே எடுக்கோணும்ங்கறீங்க?"

பல்லு உண்டாக்கற திசுல இருந்து வர்ற கட்டி எல்லாம் ஒரே ஜாதி இல்ல. ஓடோன்டோமான்னு ஒண்ணு, படத்துல வெள்ளையா குட்டிக் குட்டிப் பல்லுக் குவியலாட்டம் தெரியும், சுத்தி ஒரு கருப்பு வளையம் இருக்கும், அந்த வளையந்தான் அதோட உறை. உறையோட வழிச்சு எடுத்தா முடிஞ்சுது, திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம். அமெலோபிளாஸ்டோமாவுக்கு அந்த உறை கிடையாது. எலும்போட உள்பக்கம் ஸ்பான்ஞ் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அந்த ஓட்டை வழியா சின்னச் சின்னத் திட்டா ஊர்ந்து போகும், போற வழில எலும்ப உடனே அரிக்கறதும் இல்ல. எக்ஸ்ரேவுக்கு சுண்ணாம்புச் சத்து நல்லா குறைஞ்சாதான் கருப்பாத் தெரியும், அதனால ஊர்ந்து போன இடம் படத்துல நல்ல எலும்பாவேதான் இருக்கும். அப்படித் தெரியாமப் போற தூரம் பெரும்பாலும் 2ல இருந்து 8 மில்லிமீட்டர். அதனாலதான் படத்து ஓரத்துல இருந்து 1 செ.மீ.ல 2 செ.மீ. வரைக்கும் தள்ளி வெட்டறோம். நான் இவ்வளவு சொல்லி முடிக்க, அவரு சம்சாரத்தப் பாத்து "கோரை மாதிரிடி, மேல புடுங்குனா கெழங்கு மண்ணுக்குள்ள நிக்குமில்ல"ன்னாரு. என் மொத்த விளக்கத்தயும் ஒத்த வரில முடிச்சிட்டாரு மனுசன்.

இப்ப அளவுக் கணக்கு. ஓ.பி.ஜி. படம் நிஜத்த விடப் பெருசாக் காட்டும், அதுவும் இடத்துக்கு இடம் வேற வேற அளவுல, அதனால அதுல ஸ்கேல் வச்சு அளக்கக் கூடாது, நிஜ அளவு காட்டற சி.பி.சி.டி. ஸ்கேன் எடுத்தோம். முன்னுக்குப் பின் கட்டி 38 மி.மீ. கீழ மிச்சம் இருந்த எலும்பு 4 மி.மீ.தான். கீழ் விளிம்ப விட்டுட்டு மேல மட்டும் வெட்டணும்னா கட்டிக்குக் கீழ 1 செ.மீ. மார்ஜின், அதுக்கும் கீழ தாடை ஒடியாம நிக்க இன்னொரு 1 செ.மீ., ஆக 2 செ.மீ. வேணும். இருக்கறது 4 மி.மீ. அதனால துண்டா எடுக்கறதத் தவிர வழி இல்ல, ரெண்டு பக்கமும் 15 சேத்து 68 மி.மீ. முன்பக்க வெட்டு ஒரு பல்லு இருந்த இடத்துல விழுந்துச்சு, பல்லப் புடுங்கிட்டு அந்தக் குழியோட நடுவுல வெட்டுனாதான் பக்கத்துப் பல்லு பொழைக்கும். கீழ் உதட்டுக்குப் போற நரம்பு கட்டிக்குள்ளயே போகுது, அதும் போச்சு, அந்தப் பக்க உதடு மரத்துப் போகும்னு மொதல்லயே சொல்லி கையெழுத்து வாங்கினோம்.

வெளி எலும்பு கெட்டியா இருக்கற வரைக்கும் அது ஒரு மதில் சுவரு மாதிரி கட்டியத் தடுத்து நிறுத்தும். இவருக்கு நாக்குப் பக்கம் ஒரு இடத்துல சுவரு ஓட்டை, அதனால அங்க மட்டும் ஒட்டி இருந்த சதையையும் சேத்து எடுக்க வேண்டியிருந்துச்சு. எலும்போட ஓரம் சுத்தமான்னு தியேட்டர்லயே தெரிஞ்சுக்க முடியாதுங்க, எலும்ப ஆசிட்ல ஊற வச்சு மெதுவாக்கி அப்புறம்தான் சீவிப் பாக்க முடியும், அதுக்கு நாள் ஆகும். அதனால எடுத்த துண்ட அங்கயே ஒரு எக்ஸ்ரே எடுத்து, ரெண்டு முனைலயும் கருப்புக்கும் வெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு அளந்துட்டுதான் பிளேட் போட்டு, கால்ல இருந்து ஃபிபுலா எலும்ப எடுத்து வச்சோம்.

பத்தோலஜி ரிப்போர்ட் வந்தப்ப, முன்பக்கம் எக்ஸ்ரே ஓரத்தத் தாண்டி 6 மி.மீ. வரைக்கும் திட்டு இருந்துச்சுன்னு எழுதியிருந்தாங்க. சுரண்டி இருந்தா அந்த 6 மி.மீ. உள்ளயேதான் இருந்திருக்கும். வெறும் சுரண்டலுக்கு அப்புறம் பாதிக்கு மேல பேருக்குத் திரும்ப வருதுன்னு பல ஆய்வுல வந்திருக்கு, மார்ஜினோட வெட்டுனாலும் சிலருக்கு வரும், ஆனா அது ரொம்பக் குறைவு.

உங்க ரிப்போர்ட்ல "யூனிசிஸ்டிக்"னு, அதாவது ஒரே அறையா வர்ற வகைன்னு போட்டிருந்தா மட்டும் கொஞ்சம் நிதானிங்க. கட்டி அறைக்கு உள்பக்கம் மட்டும் இருந்தா சின்ன ஆபரேஷன்லயே முடிக்கலாம், சுவருக்குள்ள பூந்திருந்தா, அதத்தான் மியூரல்னு எழுதுவாங்க, அப்ப சாதாரண வகை மாதிரியேதான் பாக்கணும். இது சின்னப் பயாப்சித் துண்டுல சரியாத் தெரியாது, முழுசா எடுத்துப் பாத்தப்புறம் ரிப்போர்ட் மாறினாலும் டாக்டரத் திட்டாதீங்க.

அவரு இப்பவும் வருஷத்துக்கு ஒரு ஓ.பி.ஜி. எடுக்க வர்றாரு, பத்து வருஷம் கழிச்சுக் கூடத் திரும்ப வர்ற கட்டி இது. உதடு இன்னும் மரத்துதான் இருக்கு, டீ குடிச்சா ஓரத்துல ஒழுகறதே தெரியல, சம்சாரம்தான் துண்ட நீட்டறாங்க.