கோப்பு மொழியில் எழுதிய பயோடேட்டாவை எப்படி மாற்றுவது?

கேள்வி: அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு உதவியாளராக 12 வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் வேலைக்கு விண்ணப்பித்தேன். ‘ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, கோப்பு சமர்ப்பித்தேன்’ என்று எழுதியதைப் பார்த்து, “சரி, நீங்க என்னதான் பண்ணீங்க?” என்று கேட்டார்கள். எப்படி எழுத வேண்டும்?

பதில்: கோப்பு மொழி நடைமுறையைச் சொல்லும். கம்பெனிக்காரருக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் பொருள், பணம், நாள். எனவே வார்த்தைக்கு வார்த்தை மாற்றாதீர்கள். ஒரே ஒரு கொள்முதலை எடுத்துக்கொண்டு, என்ன வாங்கினோம், எவ்வளவுக்கு, எத்தனை பேர் விலை கொடுத்தார்கள், எத்தனை நாளில் பொருள் வந்தது என்று எழுதிப் பாருங்கள்.

உதாரணமாக, உங்கள் வரி இப்படி ஆகலாம்: ‘40 கம்ப்யூட்டர் வாங்க 5 சப்ளையர்களிடம் விலை பெற்று, விலை, வாரண்டி, டெலிவரி நாள் மூன்றையும் ஒப்பிட்டுப் பரிந்துரை செய்தேன். பொருள் வந்ததும் சரிபார்த்து, பில் பாஸ் ஆகும்வரை தொடர்ந்து கவனித்தேன்.’ எண்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ‘தணிக்கைத் தடை நிவர்த்தி’ என்பதை, ‘ஆடிட்டில் எழுந்த கேள்விகளுக்கு ஆவணம் காட்டி முடித்தேன்’ என்று எழுதலாம். ‘முன்வைப்புத் தொகை’ என்பதை இ.எம்.டி. என்றால் போதும், டெண்டர் எடுக்கும் கம்பெனிகளுக்கு அது பழகியதுதான்.

கவனிக்க வேண்டிய இடம் ‘ஒப்புதல்’. கோப்பில் உதவியாளர் குறிப்பு எழுதுவார், கண்காணிப்பாளர் மேலே அனுப்புவார், அதிகாரி ஒப்புதல் தருவார். ஆனால் பயோடேட்டாவில் பலர் ‘அப்ரூவ் செய்தேன்’ என்று போட்டுவிடுகிறார்கள். “எவ்வளவு தொகை வரைக்கும் நீங்களே கையெழுத்துப் போடலாம்?” என்று கேட்டதும் சிக்கிக்கொள்வீர்கள். ‘பரிந்துரை செய்தேன்’ என்பதே உண்மை, அதற்கும் மதிப்பு உண்டு. ‘முழு கூடுதல் பொறுப்பு’ பார்த்திருந்தாலும் அதைப் பதவி உயர்வு மாதிரிக் காட்டாதீர்கள். எத்தனை மாதம், எந்த இருக்கையின் வேலையையும் சேர்த்துப் பார்த்தீர்கள் என்று சொன்னாலே போதும்.

அப்புறம், விலை பேசுவது பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன்படி, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கொடுத்தவரிடம், அதாவது எல்-1 சப்ளையரிடம் மட்டுமே விலைக் குறைப்புப் பேச முடியும். கம்பெனியில் இரண்டு மூன்று சப்ளையர்களிடம் ஒரே நேரத்தில் பேசுவார்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், கடன் நாள் அதிகம் தருபவரைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. ‘எல்-1தான் விதி’ என்று அங்கே பதில் சொன்னால், பேரம் பேசத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதில், எல்-1 சப்ளையரிடம் பேசி விலையைக் குறைத்த ஒரு கொள்முதலைச் சொல்லுங்கள். முதலில் கேட்ட விலை, கடைசியில் முடிந்த விலை, இடையில் நீங்கள் எடுத்துவைத்த சந்தை விலை விவரம் மூன்றும் அதில் இருக்கட்டும். சப்ளையர் பெயரையும் கோப்பு எண்ணையும் வெளியே சொல்ல வேண்டாம்.