மேடைப் படபடப்பு: எவ்வளவு வெளியே தெரிகிறது?

"பிரசன்டேஷனுக்கு எழுந்து நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, குரல் நடுங்குகிறது. எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று இன்னும் பயம். என்ன செய்வது?"

பலரின் பார்வை நம்மேல் விழும்போது உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. அதன் விளைவுதான் மேடைப் படபடப்பு.

அது வெளியே தெரிவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஹெட்போனில் பாட்டு அலறுவது போட்டிருப்பவருக்குத்தான். பக்கத்தில் இருப்பவருக்கு லேசான இரைச்சல். 2003இல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு தெரிந்தது என்று மிகையாகவே மதிப்பிட்டார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள்.

படபடப்பு பெரும்பாலும் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை நழுவினால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் இரண்டு, மூன்று வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி, நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையே அல்ல என்பேன். மீதிக்குக் குறிப்புகள் போதும்.

உங்கள் முறை வருமுன் மூக்கால் மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் போதும். வெளிவிடும்போதுதான் இதயத் துடிப்பு மெதுவாகிறது.

"நன்றாக இழுத்து மூச்சு விடு" என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு வேகமாக, பெரிது பெரிதாக இழுக்கிறார்கள். அது தலைசுற்றலைத்தான் தரும்.