கட்டணம் பூஜ்யம், ஆனால் 4,400 எங்கே போனது?

கேள்வி: என்னிடம் இருந்த ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் 2 ஈதரை, 'கட்டணமே கிடையாது' என்று சொல்லும் ஒரு செயலியில் விற்று எங்கள் நாட்டுப் பணமாக மாற்றினேன். விலை காட்டும் இணையதளத்தில் அந்த நேரத்தில் ஒரு ஈதர் 1,00,000. வங்கிக்கு வந்தது 1,95,600 தான். நண்பர் வேறொரு தளத்தில் 0.4 சதவீதம் கட்டணம் கொடுத்து விற்றும் என்னைவிட அதிகம் வாங்கிவிட்டார். மூன்றாவதாக ஒரு தளத்தில் விலை எப்போதும் 3 சதவீதம் கூடவே நிற்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? மீதி ஈதரை அந்த மூன்றாவது தளத்தில் விற்கலாமா?

பதில்: ஏமாற்றவில்லை. கட்டணத்தைத் தனியாகக் கேட்காமல் விலைக்குள்ளேயே வைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செயலியை மறுபடி திறந்து, விற்கும் பொத்தானை மட்டுமல்ல, வாங்கும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். உறுதி செய்ய வேண்டாம், விலையை மட்டும் பாருங்கள். நீங்கள் சொன்ன தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உங்களிடம் அவர்கள் வாங்கிய விலை ஒரு ஈதருக்கு 97,900 ஆகவும், வங்கிக்கு அனுப்பப் பிடித்தது 200 ஆகவும் இருக்கலாம். அப்படியானால், அதே நொடியில் ஒருவர் அங்கே ஈதர் வாங்கப் போனால் ஏறக்குறைய 1,02,100 கேட்டிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள 4,200 தான் ஸ்பிரெட். விற்பவர் அதில் பாதியைக் கொடுக்கிறார், வாங்குபவர் மறுபாதியைக் கொடுக்கிறார். ரசீதில் 'கட்டணம் 0' என்று அச்சிடுவதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

இத்தகைய உடனடி மாற்றுச் செயலிகள் சந்தை அல்ல. அங்கே உங்களிடம் வாங்குவது அந்த நிறுவனமே. அவர்கள் ஒரு விலையைச் சொல்லி, சில நொடிகளுக்கு அதே விலையில் வாங்க உறுதி தருகிறார்கள். அந்த நொடிகளுக்குள் சந்தை விழுந்தால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால்தான் சந்தை பதற்றமாக இருக்கும் நாட்களில் இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறார்கள். காலையில் 1 சதவீதமாக இருந்தது மாலையில் 3 ஆவது இப்படித்தான்.

உங்கள் நண்பர் போனது ஆர்டர் புக் உள்ள தளமாக இருக்க வேண்டும். அங்கே வாங்க நினைப்பவர்கள் தங்கள் விலையையும் அளவையும் வரிசையாகப் பதிந்து வைத்திருப்பார்கள். நீங்கள் அங்கே 2 ஈதரை விற்கப் போனதாக வைத்துக்கொள்வோம். வரிசையின் உச்சியில் ஒருவர் 99,900 விலையில் 0.5 ஈதர் கேட்கிறார். அடுத்தவர் 99,800 விலையில் 0.7. மூன்றாமவர் 99,500 விலையில் 0.8. 'உடனே விற்றுவிடு' என்று மார்க்கெட் ஆர்டர் கொடுத்தால் மூவரையும் வரிசையாகத் தின்றுகொண்டே இறங்குவீர்கள். மொத்தம் 1,99,410 வரும், சராசரி 99,705. திரையில் பளிச்சென்று தெரிந்த 99,900 உங்கள் முதல் அரை ஈதருக்கு மட்டும்தான் கிடைத்தது. இந்தச் சறுக்கலைப் பலரும் கட்டணம் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

அதில் 0.4 சதவீதக் கட்டணம் 798 போகும். வங்கிக்கு எடுக்க 150, உங்கள் வாலட்டிலிருந்து ஈதரை அங்கே அனுப்பிய நெட்வொர்க் செலவு 100 என்று வைத்தால், கைக்கு நிற்பது 1,98,362. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியான நடு விலையில் வரும் 2,00,000த்தோடு ஒப்பிட்டால் இழப்பு 1,638, அதாவது 0.8 சதவீதம். உங்களுக்குப் போனது 4,400, அதாவது 2.2 சதவீதம். தளங்களை ஒப்பிட நான் நம்பும் கணக்கு இது ஒன்றுதான்: கடைசியில் வங்கியில் விழுந்த தொகையை, அந்த நேரத்து நடு விலையில் உங்கள் நாணயத்தின் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் போடும் கட்டண சதவீதம் இந்தக் கணக்கின் ஒரு துண்டு மட்டுமே.

அவசரமில்லை என்றால் லிமிட் ஆர்டர் போடலாம். 'ஒரு ஈதர் 1,00,050க்குக் குறைந்து விற்கமாட்டேன்' என்று வரிசையில் நின்றுவிடுவது. யாராவது தேடி வந்து வாங்கினால் ஸ்பிரெட்டைக் கொடுப்பதற்குப் பதில் அதை நீங்களே பெற்றுக்கொள்கிறீர்கள். பல தளங்களில் இப்படிக் காத்திருப்பவருக்குக் கட்டணமும் குறைவு. ஆனால் விலை கீழே போய்விட்டால் ஆர்டர் அப்படியே தொங்கும். நான் ஒருமுறை கடைசி கால் சதவீதத்துக்கு ஆசைப்பட்டு இரவு முழுக்கக் காத்திருந்து, காலையில் 5 சதவீதம் கீழே விற்றேன். நியாயமான விலைக்கு அருகில் வைத்துவிட்டுத் தூங்குவது வேறு, பேராசை வேறு.

சரி, 1,00,000 என்று காட்டிய இணையதளத்துக்கு வருவோம். அந்த எண்ணுக்கு அங்கே யாரும் வாங்கத் தயாராக நிற்கவில்லை. CoinMarketCap, CoinGecko போன்றவை பல தளங்களின் விலைகளை எடுத்து, வியாபாரம் அதிகம் நடக்கும் தளத்துக்கு அதிக எடை கொடுத்துப் போடும் சராசரி அது. உங்கள் நாட்டுப் பணத்தில் காட்டும்போது, டாலர் விலையை அன்றைய அந்நியச் செலாவணி விகிதத்தால் பெருக்கிக் காட்டுவதே வழக்கம். சராசரியில் யாரைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்தே எண் மாறும். 2018 ஜனவரியில் CoinMarketCap தென் கொரியத் தளங்களைச் சராசரியிலிருந்து நீக்கியபோது, சந்தையில் எதுவும் நடக்காமலேயே திரையில் விலைகள் தடாலென்று விழுந்தன. அதைப் பார்த்துப் பதறி விற்றவர்களும் உண்டு.

கொரிய விலையை ஏன் நீக்க வேண்டியிருந்தது என்பதில்தான் உங்கள் மூன்றாவது தளத்துக்கான பதில் இருக்கிறது. அந்த ஜனவரியில் அங்கே பிட்காயின் விலை மற்ற நாடுகளைவிட 40 சதவீதத்துக்கும் மேலாக ஏறி நின்றது. வெளியே வாங்கி அங்கே விற்றால் லாபம்தானே, ஏன் எல்லோரும் செய்து விலையைச் சமமாக்கவில்லை? பிட்காயினை அங்கே அனுப்புவது சுலபமான வேலை. விற்று வந்த உள்நாட்டுப் பணத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி வாங்குவதுதான் நடக்கவில்லை, மூலதனக் கட்டுப்பாடுகள் தடுத்தன. நாணயம் ஓடும், பணம் நிற்கும். பணம் எங்கே சுலபமாகச் சுற்றிவர முடியவில்லையோ, அங்கே விலை தனியாக நிற்கும்.

உங்கள் ஊர்த் தளத்தில் இருப்பது இந்த வகையா என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அங்கே டெதர் என்ன விலை என்று பாருங்கள். டெதர் ஒரு டாலரை ஒட்டியே நிற்க வேண்டிய நாணயம். வங்கியில் டாலர் 40, அந்தத் தளத்தில் டெதர் 41.20 என்றால் 3 சதவீதம் கூட. உலகச் சந்தையில் 2,500 டாலர் உள்ள ஈதரை 41.20ஆல் பெருக்கினால் 1,03,000. அவ்வளவுதான், ரகசியம் வெளியே வந்துவிட்டது. ஈதருக்கு அங்கே தனி மவுசு ஒன்றும் இல்லை, அங்கே டாலருக்குத்தான் விலை கூட. மாறாக டெதர் வங்கி விகிதத்திலேயே இருந்து ஈதர் மட்டும் உயர்ந்திருந்தால், பெரும்பாலும் அது கடைசியாக எப்போதோ நடந்த ஒரு சின்ன வியாபாரத்தின் விலை. ஆர்டர் புக்கைத் திறந்தால் வாங்குபவர் வரிசையில் ஆளே இருக்காது.

டெதர் விலைதான் காரணம் என்றால் அடுத்து ஒன்று பாருங்கள். உங்கள் நாட்டின் எல்லாத் தளங்களிலும் அதே 3 சதவீதம் தெரிகிறதா? ஆம் என்றால் அது நாட்டுக்கே உரிய பிரீமியம். நீங்கள் விற்பவர், பணமும் உள்நாட்டு வங்கிக்குத்தான் வரவேண்டும், ஆகவே அது உங்களுக்கு உண்மையான லாபம். உங்கள் செயலியின் 97,900 அப்போது இன்னும் மோசமாகத் தெரியும், ஒப்பிட வேண்டிய நடு விலை 1,00,000 அல்ல, 1,03,000.

அந்த ஒரு தளத்தில் மட்டும் விலை கூட என்றால் நான் ஜாக்கிரதையாகிவிடுவேன். 2013இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் தளத்தில் பிட்காயின் விலை மற்ற இடங்களைவிட மாதக்கணக்கில் கூடவே இருந்தது. அங்கிருந்து டாலரை வங்கிக்கு எடுப்பது இழுத்துக்கொண்டே போனதால், உள்ளே மாட்டியவர்கள் என்ன விலை கொடுத்தாவது பிட்காயின் வாங்கி அதன் வழியாக வெளியேறப் பார்த்தார்கள். அவர்கள் கொடுத்த அந்தக் கூடுதல் விலைதான் வெளியிலிருப்பவர்களுக்கு 'நல்ல ரேட்' என்று தெரிந்தது. 2014 பிப்ரவரி தொடக்கத்தில் பிட்காயின் எடுப்பதையும் நிறுத்தினார்கள், உடனே அங்கே விலை மற்ற இடங்களைவிடக் கீழே போயிற்று. மாதக் கடைசியில் திவால் மனு. அதிக விலைக்கு விற்றுவிட்டுப் பணத்தை எடுக்கக் காத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது திரையில் ஒரு எண்.

நேரடியாக ஒருவருக்கு விற்கும் பி2பி முறையில் கிடைக்கும் கூடுதல் விலையும் ஏறத்தாழ இதே சங்கதி. உங்களுக்குப் பணம் அனுப்புபவர் அதை எங்கிருந்து கொண்டுவருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அது திருட்டுப் பணமாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்கு. 3 சதவீதத்துக்காக அந்த அலைச்சலை நான் எடுக்கமாட்டேன்.

ஆகவே மீதியை ஒரேயடியாக அந்தத் தளத்துக்கு அனுப்ப வேண்டாம். 0.05 ஈதரை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்தத் தளம் எந்த நெட்வொர்க்கில் ஈதரை ஏற்கிறது என்று பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள், மாறிப்போனால் நாணயம் திரும்பி வராமலே போகலாம். விற்று, பணத்தை வங்கிக்கு எடுக்கக் கோரி, நேரத்தைக் குறித்து வையுங்கள். அவர்கள் சொன்ன நாளுக்குள் வந்துவிட்டால், கையில் வந்ததை, நடு விலையில் அந்த 0.05 ஈதரின் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். சிறிய தொகையில் வங்கிக்கு எடுக்கும் நிலையான கட்டணம் பெரிதாகத் தெரியும், அதைக் கையில் வந்ததோடு திரும்பச் சேர்த்தே கணக்கிடுங்கள். பிறகு மீதியை இரண்டு மூன்று துண்டாக, லிமிட் ஆர்டரில் விற்றுக்கொள்ளுங்கள். 'பராமரிப்பு நடக்கிறது', 'கூடுதல் ஆவணம் தேவை', 'வரி முன்பணம் கட்டினால்தான் எடுக்கலாம்' என்று பதில் வர ஆரம்பித்தால் அந்த 0.05 ஈதரை மறந்துவிட்டு நண்பரின் தளத்துக்குப் போங்கள்.